சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்த எழுத்துகள்

ஆய்வேடு அடிக்கத்தான் நான் அந்தக் கீபோர்டை வாங்கினேன். எங்கள் லயத்துப் புத்திசாலிகள் அதையே சாக்காக வைத்து, கடைசி அறையில் குடியிருந்த ஜார்க்கண்ட் குடும்பத்தின் வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்து வேட்டு வைக்கப் பார்த்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. கோபப்படுவதற்கு எதிராளிக்குக் கொஞ்சமாவது தகுதி இருக்க வேண்டும். எனக்கு வருவது இளக்காரம்தான்.

சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் நம் வீட்டில் தும்மல் வரும். எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை என்பதால் எங்களுக்கு அங்கே இரண்டு அறை கிடைத்திருந்தது. நான் கீழே ஒரு தமிழ்ப் பள்ளியில் தினக்கூலி டீச்சர். பள்ளி முடிந்து வந்து ஆய்வேடு எழுதினேன். எஸ்டேட் டிவிஷன்களுக்கும் மலைச்சரிவுகளுக்கும் நம் ஆட்கள் வைத்த பெயர்கள் எப்படி வந்தன என்பது என் தலைப்பு.

இருந்த பழைய லேப்டாப் ஒரு மழைக்காலத்தில் ஈரம் குடித்துச் செத்தது. அடிமாலியில் பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது என்று துக்கம் விசாரிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். அதன் பிறகு போனிலேயே அடிக்க ஆரம்பித்தேன். கட்டைவிரலால் ஒரு அத்தியாயம் அடித்ததில் மணிக்கட்டு வீங்கிப்போனது. திரையில் பாதியைக் கீபோர்டே பிடித்துக்கொள்ளும். மேலே தெரிகிற நாலு வரியை வைத்துக்கொண்டு முப்பது பக்க அத்தியாயத்தைத் திருத்துவது, சாவித் துவாரம் வழியாகக் கல்யாணம் பார்ப்பது மாதிரி. அதனால் ப்ளூடூத் கீபோர்டும் மவுசும் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

மூணாறு கடைக்காரனுக்கு இதைப் புரியவைப்பதற்குள் ஆய்வேட்டை ஒரு தரம் கையாலேயே எழுதி முடித்திருக்கலாம். "ப்ளூடூத் மவுஸ் வேணும்" என்று தெளிவாகத்தான் கேட்டேன். "ஒயர்லெஸ்ன்னாலே ப்ளூடூத்துதான் அக்கா" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பிரித்தால், அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு ரிசீவர் செருகியிருந்தது. அதைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி ஓட்டையில் சொருக வேண்டும். என் போனில் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது? மறுநாள் திருப்பிக் கொண்டுபோனேன். "அதுக்கு ஒரு கன்வெர்ட்டர் பின் வாங்கினா போதும் அக்கா" என்று அடுத்த வியாபாரத்தை ஆரம்பித்தான். அப்படி ஒன்று உண்டுதான். ஆனால் சார்ஜர் போடுகிற ஒரே ஓட்டையையும் அது அடைத்துக்கொள்ளும். பெட்டிகளை எல்லாம் கீழே இறக்கச் சொல்லி, ப்ளூடூத் என்று அச்சடித்த பெட்டியை நானே பொறுக்கி எடுத்தேன். கீபோர்டையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். அவன் முகம் சுருங்கிப்போனது, நான் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு சுகம். போனைப் படுக்கைவாட்டில் ஒரு பவுடர் டப்பாவில் சாய்த்து வைப்பேன். கீபோர்டு சேர்ந்ததும் திரைக் கீபோர்டு தானாக மறைந்துவிடும், முழுத் திரையும் எழுத்துக்குத்தான். மவுசை அசைத்தால் போனில் குட்டியாக ஓர் அம்புக்குறி ஓடும். அதை வைத்து ஒரு பத்தியை இழுத்துத் தேர்ந்தெடுத்து, வெட்டி, ஏழு பக்கம் தள்ளி ஒட்டலாம். தமிழுக்குத்தான் கொஞ்சம் அலைந்தேன். பல தமிழ் ஆப்கள் திரையில் தொட்டால் தமிழ் தரும், வெளிக் கீபோர்டில் அடித்தால் காது கேளாதவைபோல் இருக்கும். தேடித் தேடி, தமிழ்99 முறையில் வெளிக் கீபோர்டுக்கும் வேலை செய்கிற ஒன்றைப் பிடித்தேன். கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவள் நான். விரல் விசையில், கண் தாளில். அங்கே விழுந்த பழக்கம் அது, இன்றுவரை மாறவில்லை. கையெழுத்துக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமலே பத்தி பத்தியாக அடித்துத் தள்ளுவேன்.

பக்கத்து வீடு என் வீட்டுக்காரருடைய அண்ணன் வீடு. அவர் மனைவி எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர், வீடு அவர் பெயரில் வந்தது. இவர் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றி மலை காட்டுகிறார். இரண்டு மலையைக் காட்டிவிட்டு மூன்றாவது மலையை வாயாலேயே காட்டுவார். வாட்ஸ்அப்பில் பயணிகளுக்கென்று ஒரு குரூப் வைத்திருப்பதால், லயத்தில் தொழில்நுட்பம் பற்றிக் கடைசி வார்த்தை தன்னுடையது என்று அவருக்கு ஓர் எண்ணம். என் கீபோர்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏ பிள்ள, என்னாத்துக்கு இது? போனுக்கு மவுசா? நாளைக்கு மிக்ஸிக்கு ஸ்டீயரிங் வாங்குவியா?"

சொல்லிவிட்டு லயம் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார். அப்படிச் சிரித்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து நின்றார். பயணிகளுக்கு அனுப்ப நீளமாக ஒரு விவரக் குறிப்பு அடிக்க வேண்டுமாம்.

"அந்த டைப் அடிக்கிற சாமானக் கொஞ்சம் குடு பிள்ள. ஒரு மணிக்கூர்ல தந்துருதேன்."

கொடுக்காவிட்டால் என் வீட்டுக்காரர் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அண்ணன் என்றால் அவருக்கு முதுகெலும்பு கரைந்துவிடும். கொடுத்தேன். அந்தக் கீபோர்டின் மேல் வரிசை ஓரத்தில் 1, 2, 3 என்று மூன்று சின்ன விசைகள் இருக்கும். மூன்று போன்களை அதில் சேர்த்து வைக்கலாம். ஒரு விசையைத் தட்டினால் அந்த எண்ணுக்குரிய போனுக்குப் போகும், விடாமல் அழுத்தினால் அந்த எண்ணில் புதுப் போனைச் சேர்த்துக்கொள்ளும். ஒன்றில் என் போன் இருந்தது. அது அழிந்துவிடக் கூடாது என்று, நானே இரண்டை அழுத்திப் பிடித்து விளக்கை மினுக்கவிட்டு, அவர் போனில் கீபோர்டின் பெயர் வந்ததும் தொடச் சொன்னேன். திரையில் ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அதைக் கீபோர்டில் அடித்து என்டர் தட்ட வேண்டும். அவர் போன் திரையில் அந்த எண்ணின் மேலேயே விரலை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அந்த நம்பரை இதுல அடிங்க."

"எனக்குத் தெரியும்மா, நீ சும்மா இரி" என்று மறுபடியும் கண்ணாடியைக் குத்தினார். நேரம் கடந்து எண் மறைந்தது. "உன் சாமான் சரியில்ல" என்றார். இரண்டாம் தடவை நானே அடித்து முடித்தேன். கீபோர்டு சேர்ந்துவிட்டதென்று போன் ஓர் அறிவிப்புக் காட்டியது. படிக்காமலே ஒதுக்கித் தள்ளினார். எதையும் படிக்காமல் ஒதுக்கித் தள்ளுவதுதான் அவருடைய தொழில்நுட்பம். ஒற்றை விரலால் இரண்டு வரி அடித்தவர், சலித்துப்போய் மைக்கில் பேசிக் குரலாகவே அனுப்பிவிட்டார். கீபோர்டு திரும்பி வந்தது. நான் ஒன்றைத் தட்டி என் வேலையைப் பார்த்தேன். அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு கீபோர்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் விறகடுப்புதான், எது மேலும் கரி படியும். உட்காருமுன் கீபோர்டை ஒரு ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்துத் துடைப்பேன். குறிப்பைப் பார்த்துக்கொண்டே ஒரு பக்கம் அடித்துவிட்டு நிமிர்ந்தால், சில நாள் திரையில் ஒரு எழுத்தும் இருக்காது. மவுசை அசைத்தால் அம்புக்குறி ஒழுங்காக ஓடும். அதனால் போன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மலிவுச் சரக்கு, கழுத்தறுக்கிறது என்று கடைக்காரனை வாய்க்குள் திட்டிவிட்டு, போனில் கீபோர்டின் பெயரை நீக்கிவிட்டு, ஒன்றை அழுத்திப் பிடித்து மறுபடி புதிதாகச் சேர்ப்பேன். உடனே வேலை செய்யும். துடைக்கும்போது துணி இரண்டாம் விசையைத் தட்டுகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதே நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கூப்பாடு. அத்தான் போன் தானாக முழித்துக்கொள்கிறதாம். திறக்காமலே "தவறான கடவு எண்" என்கிறதாம். செய்தி அடிக்கப்போனால் கீபோர்டு வரமாட்டேன் என்கிறதாம். அது வராதது மட்டுமில்லை, பயணிகள் குரூப்பில் யாரோ தலையும் காலும் இல்லாத இங்கிலீஷ் எழுத்துகளை வரிசையாக அனுப்புகிறார்களாம். இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. அவர் போனில் பாதி மலையாளப் பாட்டும் பாதி எங்கிருந்தோ இறக்கிய திருட்டு ஆப்களும் என்று எனக்குத் தெரியும். அது கிறுக்குப் பிடித்து ஆடினால் அதிசயம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அவர் விடவில்லை. "ஹேக் பண்ணிட்டானுங்க" என்றார். யார் என்று கேட்டவர்களுக்குக் கையைக் கடைசி அறைப் பக்கம் காட்டினார்.

கடைசி அறையில் இருந்தவர் ஜார்க்கண்ட்காரர். அவரும் மனைவியும் தேயிலைக் காட்டு வேலைக்குப் போவார்கள், நடக்கத் தொடங்கிய ஒரு பெண்குழந்தை. இங்கே வந்த பிறகு கற்ற தமிழில் நம் ஊர் வசவைத் தவிர எல்லாம் பேசுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்தில் யார் போனுக்கும் திரைக் கண்ணாடி ஒட்டிக் கொடுப்பார். அத்தான் போனுக்கும் ஒட்டியிருந்தார். போதாதா? "அவன் கை வச்ச பொறவுதான் இம்புட்டும். கண்ணாடிக்கு அடியில என்னமோ வச்சிட்டான்" என்று அத்தான் அளந்துவிட்டதை, ப்ளூடூத் என்றால் பல் டாக்டரைத் தேடுகிற கூட்டம் அப்படியே நம்பியது. அத்தனை வருஷம் காலையில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் என் ஆய்வேட்டுக் கைடைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்தேன். "போன்ல அடிச்சதா? பார்த்தா அப்படித் தெரியலையே" என்று அவர் பாராட்டுபோல் ஒன்றைச் சொல்லியிருந்தார். எனக்கு அவர்மேலும் இளக்காரம் முளைத்த நாள் அது. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார், ஆட்கள் திரண்டு போய்க் கடைசி அறைக் கதவைத் தட்டி, ஜார்க்கண்ட்காரர் போனையும் கண்ணாடி ஒட்டும் சாமான்களையும் வாங்கி வைத்திருக்கிறார்களாம். நாளைச் சாயங்காலம் சூப்பர்வைசர் வருகிறாராம். அவர் ஆபீசில் சொன்னால் வேலையும் அறையும் போகும். அத்தான் போலீசில் பராதி கொடுக்கவும் தயாராம்.

"நீங்க போனீங்களா?" என்றேன்.

"அண்ணன் கூப்பிட்டுச்சு. பின்னால நின்னேன்."

பின்னால் நிற்பதற்கென்றே பிறந்த மனிதர். அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அப்போதும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு குழந்தையோடு இருக்கிற ஆளை ஒரு போன் கோளாறுக்காகத் தெருவில் நிறுத்துவார்களா என்ற ஆத்திரம் மட்டும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் லயத்து முற்றத்தில் கூட்டம். சூப்பர்வைசருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அத்தான் நடுவில் நின்று, சாமி வந்தவர்போல் ஆடிக்கொண்டிருந்தார். ஜார்க்கண்ட்காரர் சுவரோரமாகக் கைகட்டி நின்றார். அவர் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என்ன நடக்கப்போகிறது என்பது மட்டும் புரிந்திருந்தது.

"நான் கண்ணாடி மட்டும் ஒட்டினேன் சார்" என்றார் அவர். "வேற ஒண்ணும் தொடல."

"கள்ளன் என்னிக்கு ஒத்துக்கிட்டான்?" என்று அத்தான் போனைச் சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க சாரே, எத்தன மெசேஜு. எல்லாம் கோட் வேர்டு. இத வச்சுத்தான் அக்கவுண்ட்ட உருவுவானுங்க."

சூப்பர்வைசர் ஏதோ புரிந்ததுபோல் தலையை ஆட்டினார். மேலதிகாரி என்றால் புரியாததற்கெல்லாம் தலையாட்டத் தெரிந்திருக்க வேண்டும். போன் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. நானும் பார்த்தேன். எல், டி, ஒற்றை மேற்கோள் குறி, எஸ், என், ஆர். கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதே ஆறு. அடுத்த வரியிலும் அதே ஆறு. கண்ணுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை, என் விரல்கள்தான் மடியில் தானாக அசைந்தன. எல் இருக்கிற இடம் த, டி இருக்கிற இடம் ஏ. தே. அடுத்தது யி, லை. தேயிலை. என் மூன்றாம் அத்தியாயம் முழுக்கத் தேயிலைதான். தமிழ் ஆப் இல்லாத போனில் விழுந்ததால் விசையின் இங்கிலீஷ் எழுத்தாகவே விழுந்திருக்கிறது. நான் தொலைந்துபோனது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடித்த பக்கங்கள் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போய், என்டர் தட்டும்போதெல்லாம் பயணிகள் குரூப்புக்குப் பயணப்பட்டிருக்கின்றன.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சுவரோரம் நின்றவரைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"இது அவர் வேலை இல்ல" என்றேன். "என் கீபோர்டு அடிச்சது."

"நீ என்னத்துக்குக் குறுக்க வார?" என்றார் அத்தான். "உன் கீபோர்டு உன் வீட்லல்ல இருக்கு. இடையில செவுரு இருக்கு."

"செவுரு உங்களுக்கும் எனக்கும்தான் அத்தான். ப்ளூடூத்துக்கு இல்ல."

அவர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். படித்த பெண் உளறுகிறாள் என்று அர்த்தம். வாயால் விளக்கி இவர்களை ஜெயிக்க முடியாது. ஒரு கூடையைக் கவிழ்த்து, அவர் போனைத் திறந்து, என் எண்ணுக்குச் செய்தி அனுப்புகிற பெட்டியைத் தொட்டுவிட்டு, கூடைமேல் வைத்தேன். திரையில் அவருடைய கீபோர்டு நன்றாகத் தெரிந்தது. "இப்ப சரியாத்தான் இருக்கு, பாத்துக்கங்க. யாரும் தொடாதீங்க" என்றேன். ஜார்க்கண்ட்காரரை நாலு எட்டு தள்ளிப்போய் நிற்கச் சொன்னேன். அவர் கை எங்கே இருக்கிறது என்பதை எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். அவர் கைகளை விரித்தே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கீபோர்டில் இரண்டைத் தட்டினேன். விளக்கு சில நொடி மினுக்கி நின்றது. வெளியே "ஐய்யோ, கீபோர்டு போச்சு" என்று ஒரு குரல் கேட்டது. நான் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழாக, நிதானமாக அடித்தேன். "அத்தான், இது நான்தான். கீபோர்டை இரவல் வாங்கினது நீங்கள். அதன் பேரை உங்கள் போனிலிருந்து எடுக்கவில்லை. அந்த மனுசனைப் போக விடுங்கள்."

ஒவ்வோர் எழுத்தாக விழ விழ, வெளியே யாரோ எழுத்துக்கூட்டிப் படிக்கிற சத்தம் வந்தது. கடைசி வார்த்தையையும் படித்து முடித்தார்கள். என்டரைத் தட்டினேன். பவுடர் டப்பாவில் சாய்ந்திருந்த என் போன் டிங் என்றது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அத்தான் முகம் போன போக்கை ரசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. கொஞ்சம்தான். அவர் மூளை வேறு யாருடைய தலையிலாவது பழியை வைக்காமல் ஓயாது.

"அப்ப நீதான் ஹேக் பண்ணிருக்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார், தான் வேண்டுமென்றே சொன்ன ஜோக் மாதிரி. நான் அவர் கையிலிருந்து போனை வாங்கி, ப்ளூடூத் பட்டியலில் என் கீபோர்டின் பெயரைத் தொட்டு, மறந்துவிடு என்பதை அழுத்திக் கொடுத்தேன். எங்கள் அத்தானுக்கு எதையும் மறக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, போனுக்குத்தான் வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "உங்க குடும்ப விசயத்துக்கு என்னய என்னத்துக்குய்யா கூப்பிடுதீங்க?" என்றார். அவ்வளவுதான் அவருடைய விசாரணை. யாரோ டீ போடச் சொன்னார்கள். பயணிகள் குரூப்பில் போன தேயிலை ஆராய்ச்சியைப் பற்றி ஒருவன் கிண்டல் செய்ய, இன்னொருவன் மிக்ஸி ஸ்டீயரிங்கை இழுத்தான். எல்லாருக்கும் நல்ல பொழுது.

வாங்கி வைத்த போனையும் சாமான்களையும் யாரும் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவை அத்தான் வீட்டுத் திண்ணையில் கிடந்தன. ஜார்க்கண்ட்காரர் தானே வந்து குனிந்து எடுத்துக்கொண்டு போனார். "தப்பா நெனச்சுக்காத" என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு எந்த நாக்கும் அசையவில்லை. என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லவைக்கப் பார்த்தேன். "பிரச்சினதான் முடிஞ்சிருச்சே" என்றார். இவர்களுக்குக் குற்றம் இல்லை என்று ஆகிவிட்டால் போதும், ஆள் பழையபடி சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அவனுக்குத்தான் திமிர்.

நான் மட்டும் போனேன். போய் என்ன சொல்வது? என் கீபோர்டால் வந்தது என்றேன். அவர் உட்காரச் சொன்னார். அவர் மனைவி கறுப்புச் சாயா போட்டுக் கொடுத்தாள். குழந்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. கீபோர்டு எப்படிச் சுவர் தாண்டியது என்று அவர் ஆர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளிக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிறேன். அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். இரண்டு சாக்கு மூட்டை, ஒரு குடம், சுருட்டிய பாய். மறையூரில் கரும்பு ஆலையில் வேலையாம், தங்க ஒரு கொட்டகை தருகிறார்களாம். எஸ்டேட் வேலை வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அதான் உங்க மேல தப்பு இல்லன்னு எல்லார் முன்னாடியும் தெரிஞ்சு போச்சே. பொறவும் எதுக்குப் போறீங்க?"

அவர் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"தப்பு இருக்குன்னு சொல்ல எல்லாரும் என் கதவுக்கு வந்தாங்க அக்கா. இல்லன்னு சொல்ல நீங்க மட்டும்தான் வந்தீங்க."

பஸ் வந்தது. மூட்டைகளை ஏற்ற நான் ஒரு கை கொடுத்தேன். நிறுத்தத்தில் எங்கள் லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், எல்லாருடைய தலையும் போனுக்குள் இருந்தது.